கடைசியில் வந்தவரைப் பட்டியலில் இருந்து நீக்கினால் முதலிடம் மாறுகிறது: வெயிட்டேஜ் கணக்கில் எங்கே பிசகு?

பம்ப்செட்
கோவையில் ஒரு பம்ப் ஆலைக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவர் எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் நான்கு பேர். பெயர் வேண்டாம், க, ச, த, ப என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பது மூன்றே விஷயம்: பேனலில் பழுது கண்டுபிடிக்கும் செய்முறைத் தேர்வு, கேட்கும் சம்பளம், எத்தனை நாளில் சேர முடியும். முறையே 50, 30, 20 என்று வெயிட்டேஜ்.

க: தேர்வில் 82, சம்பளம் 60,000, சேர 60 நாள்
ச: தேர்வில் 70, சம்பளம் 48,000, சேர 30 நாள்
த: தேர்வில் 58, சம்பளம் 40,000, சேர 15 நாள்
ப: தேர்வில் 64, சம்பளம் 90,000, சேர 90 நாள்

எக்செல்லில் ஒவ்வொரு பத்தியையும் 0 முதல் 1 வரை மாற்ற இந்த ஃபார்முலா. சம்பளத்துக்கும் நாளுக்கும் இதையே தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

```
=(B2-MIN(B$2:B$5))/(MAX(B$2:B$5)-MIN(B$2:B$5))
```

விடை: க 76, ச 66.2, த 50, ப 12.5. க முதலிடம், சந்தேகமே இல்லை என்று நினைத்தோம். ப கேட்கும் 90,000 எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவர் வரிசையை நீக்கினேன். உடனே ச 56.3 என்று மேலே போய்விட்டார், க 50, த 50. க-வும் ச-வும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. எடுக்கவே போகாத ஒருவர் போனதற்கு முதலிடம் ஏன் மாற வேண்டும்? ஃபார்முலா தப்பா?

எண்ணும்எழுத்தும்
ஃபார்முலா சொன்னதைச் செய்கிறது. நீங்கள் அதைச் செய்யச் சொன்னதுதான் சிக்கல்.

ப இருக்கும்போது சம்பளத்தின் அளவுகோல் 40,000-த்தில் தொடங்கி 90,000-த்தில் முடிகிறது. அந்த 50,000 ரூபாய் அகலத்துக்கு 30 புள்ளி. ப போனதும் அளவுகோல் 40,000 முதல் 60,000 வரை சுருங்குகிறது. இப்போது வெறும் 20,000 ரூபாய் அகலத்துக்கு அதே 30 புள்ளி. ஆக, முன்பு ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு 0.6 புள்ளி, இப்போது 1.5 புள்ளி. சம்பளத்தின் எடையை இரண்டரை மடங்கு ஏற்றிவிட்டீர்கள், 30 என்ற எண்ணைத் தொடாமலே. நாள் பத்தியிலும் 75 நாள் அகலம் 45 ஆகச் சுருங்கியது. தேர்வுப் பத்தியில் மட்டும் ப நடுவில் இருந்ததால் அகலம் மாறவில்லை. சம்பளத்திலும் நாளிலும் பலவீனமாக இருந்தவர் க. அடி அவருக்குத்தான் விழுந்தது.

இது புதிய வியாதி இல்லை. இரண்டிரண்டாக ஒப்பிட்டு எடைபோடும் ஏ.எச்.பி. என்ற முறையில் இதே போல வரிசை புரளுவதை பெல்டனும் கியரும் 1983-லேயே எடுத்துக்காட்டினார்கள். காரணம் அங்கேயும் இதுதான்: வந்தவர்களை வைத்தே அளவுகோலைச் செய்வது.

அளவுகோலை வேலையில் இருந்து எடுங்கள், ஆட்களில் இருந்து எடுக்காதீர்கள். தேர்வில் எத்தனைக்குக் கீழே போனால் அந்த ஆள் உங்களுக்கு உதவமாட்டார்? அது 0. எத்தனைக்கு மேல் போனால் கூடுதலாக எந்தப் பயனும் இல்லை? அது 1. சம்பளத்துக்கும் நாளுக்கும் அப்படியே. விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே இதை எழுதி வைத்துவிட வேண்டும்.

கணக்குவாத்தி
இவ்வளவு சுற்றவே வேண்டாம் சார். கூட்டாதீர்கள், பெருக்குங்கள். தேர்வு மதிப்பெண்ணை 0.5 அடுக்கு, சம்பளத்தை −0.3 அடுக்கு, நாளை −0.2 அடுக்கு என்று ஏற்றிப் பெருக்கினால் ஒருவரையொருவர் வகுக்கும்போது அளவுகோல் அடிபட்டுப் போகும். நாலாவது ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் க-வுக்கும் ச-வுக்கும் உள்ள விகிதம் அசையாது. 0–1 மாற்றமே தேவையில்லை.

எண்ணும்எழுத்தும்
வரிசை புரளாது என்பது சரி. ஆனால் "நாளைக்கே வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் நாள் 1. "இன்றே" என்றால் 0. பூஜ்யத்தின் மைனஸ் அடுக்கு என்ன, எக்செல் `#DIV/0!` என்று கத்தும். ஒரு நாளில் வருபவருக்கும் இரண்டு நாளில் வருபவருக்கும் உள்ள வித்தியாசமும், 30 நாளுக்கும் 60 நாளுக்கும் உள்ள வித்தியாசமும் இந்தக் கணக்கில் ஒன்றே, ஏனென்றால் இரண்டுமே இருமடங்கு. ஆலைக்கு அப்படியா? பெருக்கும் முறைக்கு உண்மையான பூஜ்யம் வேண்டும், விகிதத்துக்குப் பொருள் வேண்டும். சம்பளத்துக்கு அது உண்டு. தேர்வில் 80 வாங்கியவர் 40 வாங்கியவரைப் போல இருமடங்கு கெட்டிக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கணக்குவாத்தி
நாளுக்கு எல்லாருக்கும் 15 கூட்டிக்கொண்டால் பூஜ்யம் வராதே.

எண்ணும்எழுத்தும்
வராது. ஆனால் 15 கூட்டினால் ஒரு வரிசை, 5 கூட்டினால் இன்னொரு வரிசை வரலாம். அளவுகோலை விரட்டிவிட்டு அதைப் பின்வாசலில் கூட்டி வருகிறீர்கள்.

தேர்வர்77
இது அப்படியே டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் வெயிட்டேஜ் கதை. 2012-ல் போட்ட முறையில் டெட் மதிப்பெண்ணை ஸ்லாப் போட்டார்கள். 150-க்கு 60 சதவீதத்தில் இருந்து 70-க்குள் என்றால் 42, 70-ல் இருந்து 80-க்குள் என்றால் 48, அப்படியே மேலே 54, 60. 90 வாங்கியவருக்கும் 104 வாங்கியவருக்கும் ஒரே 42. 105 வாங்கியவருக்கு 48. ஒரே ஒரு மதிப்பெண்ணுக்கு ஆறு புள்ளி, பதினாலு மதிப்பெண்ணுக்கு ஒன்றுமில்லை! 2014-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம் நேர் விகிதத்தில் மாற்றினார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு பிளஸ் டூ 10, பட்டம் 15, பி.எட். 15, டெட் 60. அதிலும் பழைய பேட்ச் ஆட்கள் அடிபட்டார்கள். அந்தக் காலத்து பிளஸ் டூ மதிப்பெண்ணும் இந்தக் காலத்து மதிப்பெண்ணும் ஒன்றா? வெயிட்டேஜே அநியாயம் என்பது என் முடிவு.

எண்ணும்எழுத்தும்
நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஸ்லாப் ஒன்று: தொடர்ந்து ஏறும் மதிப்பெண்ணைப் படிக்கட்டாக வெட்டுவது. பம்ப்செட் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பல கம்பெனிகளில் "0–15 நாள் 5 புள்ளி, 16–30 நாள் 4 புள்ளி" என்று அதே படிக்கட்டைக் கட்டுகிறார்கள். பதினைந்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் நடுவில் ஆலையில் எதுவும் நடப்பதில்லை.

இன்னொன்று பிளஸ் டூ விஷயம்: ஒரே பெயர் போட்ட இரண்டு வேறு அளவுகளை ஒரே பத்தியில் எழுதுவது. பம்ப்செட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. நால்வரும் ஒரே பேனலில் ஒரே பழுதைத்தான் தேடியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பம்ப்செட்
ஒரே பேனல், ஒரே ஐந்து பழுதுகள், ஆளுக்கு 90 நிமிடம்.

நீங்கள் சொன்னபடி அளவுகோலை வெளியில் இருந்து வைத்தேன். தேர்வு: 40 என்றால் 0, 90 என்றால் 1. சம்பளம்: 70,000 என்றால் 0, 35,000 என்றால் 1. எங்கள் பட்ஜெட் உச்சமே 70,000, அதற்கு மேல் கேட்டால் பட்டியலில் இடமில்லை, ப தானாகவே போய்விட்டார். நாள்: 90 என்றால் 0, உடனே என்றால் 1.

```
=MAX(0,MIN(1,(B2-40)/50))
=MAX(0,MIN(1,(70000-C2)/35000))
=MAX(0,MIN(1,(90-D2)/90))
```

இப்போது ச 62.2, த 60.4, க 57.2. யாரை நீக்கினாலும் மாறவில்லை. ஆனால் தேர்வில் 58 வாங்கியவர் 82 வாங்கியவருக்கு மேலே வருகிறார். எங்கள் ஃபோர்மேன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

எண்ணும்எழுத்தும்
ஃபோர்மேன் சிரிப்பதில் பொருள் இருக்கிறது. அளவுகோல் சரியாகிவிட்டது, இப்போது எடையைப் பார்க்கலாம்.

50, 30, 20 எங்கே இருந்து வந்தது? "தேர்வு முக்கியம், சம்பளம் அடுத்து, நாள் கடைசி" என்று யோசித்து எழுதியிருப்பீர்கள். எடை என்பது முக்கியத்துவம் இல்லை, பண்டமாற்று விலை. எதைக் கொடுத்து எதை வாங்கச் சம்மதிக்கிறீர்கள் என்பதை அது சொல்கிறது. உங்கள் எண்களையே பிரித்துப் பார்ப்போம்.

தேர்வில் 50 மதிப்பெண்ணுக்கு 50 புள்ளி, ஆக ஒரு மதிப்பெண் ஒரு புள்ளி. சம்பளத்தில் 35,000 ரூபாய்க்கு 30 புள்ளி, ஆக ஒரு புள்ளி சுமார் 1,167 ரூபாய். நாளில் 90 நாளுக்கு 20 புள்ளி, ஆக 30 நாள் என்பது 6.67 புள்ளி. இதை ரூபாயாக்கினால் சுமார் 7,780.

இப்போது வாக்கியமாகப் படியுங்கள்: "ஒருவர் ஒரு மாதம் முன்னதாகச் சேர்ந்தால், அதற்காக அவருக்கு மாதாமாதம் 7,780 ரூபாய் கூடுதலாகத் தரத் தயார்." ஒரு முறை வரும் தாமதத்துக்கு, அவர் வேலையில் இருக்கும்வரை சம்பளத்தில் ஈடு. இரண்டு வருடம் இருந்தால் ஒரு லட்சத்து 86 ஆயிரம் சொச்சம். அந்த ஒரு மாதம் ஆள் இல்லாவிட்டால் ஆலைக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம்?

பம்ப்செட்
வெளியாள் கான்ட்ராக்ட்டும், மெஷின் நிற்கும் நேரமும் சேர்த்து மாதம் 85,000 வரை போகிறது.

எண்ணும்எழுத்தும்
அந்த மாதம் நீங்கள் இன்ஜினியருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை அல்லவா? அதைக் கழிக்க வேண்டும். சராசரியாக 55,000 என்று வைத்தால் நிகர நஷ்டம் 30,000. அவர் இரண்டு வருடம் இருப்பார் என்று எடுத்துக்கொண்டு 24-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 1,250 ரூபாய். புள்ளியில் 1.07. அப்படியானால் 90 நாளுக்கு 3.2 புள்ளிதான், 20 இல்லை. எடைகள் கூட்டினால் நூறு வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது, 50, 30, 3.2 என்றே விடுங்கள்.

பம்ப்செட்
போட்டேன். க 51.6, ச 51.0, த 46.4. த கீழே போய்விட்டார். ஃபோர்மேன் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் க-வுக்கும் ச-வுக்கும் நடுவில் 0.6 தான். க-வை எடுத்துவிடலாமா?

எச்ஆர்_செல்வி
நில்லுங்கள். இரண்டு வருடம் என்று யார் சொன்னது? இந்த வேலையில் பலர் ஒரு வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். 12-ஆல் வகுத்தால் 30 நாளின் விலை 2,500 ஆகிறது, 90 நாளுக்கு 6.4 புள்ளி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: க 52.7, ச 53.1. மறுபடியும் ச முதலிடம். ஓர் ஊகத்தை மாற்றினால் கவிழும் முதலிடத்தை முதலிடம் என்று எம்.டி.யிடம் கொண்டுபோகாதீர்கள்.

அதைவிட எனக்குப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. "கேட்கும் சம்பளம்" என்பதைத் தகுதி போலப் புள்ளி போடுவதே தவறு. போன கம்பெனியில் குறைவாக வாங்கியவர் குறைவாகக் கேட்கிறார். பிள்ளை பெற்று இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும் பெண் தயங்கிக் குறைத்துக் கேட்கிறார். அவர்களுக்கு நீங்கள் புள்ளி கொடுத்து மேலே கொண்டுவந்து, பிறகு அதே குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பீர்கள். வேலைக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பை முதலிலேயே அறிவியுங்கள், அதற்குள் வருபவர்களைத் திறமையை வைத்து மட்டும் வரிசைப்படுத்துங்கள்.

எண்ணும்எழுத்தும்
செல்வி, நீங்கள் முதலில் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் பாதி. வரம்பு அறிவித்தால் நியாயம் கூடும், உண்மை. ஆனால் 45,000 முதல் 70,000 வரை என்று அறிவித்தால் எல்லாரும் 70,000 கேட்பார்கள், திறமையும் விலையும் மோதுவது அப்போதும் தீராது, ஆளை எடுத்த பிறகு பேரத்தில் வந்து நிற்கும். சிறிய ஆலைக்கு மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம் சின்னது இல்லை.

எச்ஆர்_செல்வி
70,000-த்துக்கு அறிவிக்காதீர்கள். 52,000-த்தில் இருந்து 58,000 என்று அறிவியுங்கள். வருபவர் வரட்டும்.

எண்ணும்எழுத்தும்
அப்போது க வந்திருக்கவேமாட்டார்.

எச்ஆர்_செல்வி
வந்திருப்பார் என்கிறேன். 60,000 என்பது பேச்சைத் தொடங்கும் விலை. சம்பளமும் நோட்டீஸ் நாளும் பேசினால் நகரும். நோட்டீஸை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் பல கம்பெனிகள் ஒத்துக்கொள்கின்றன. பேசினால் நகராதது செய்முறை மதிப்பெண் ஒன்றுதான். நகரும் இரண்டையும் நகராத ஒன்றையும் ஒரே தட்டில் வைத்துக் கூட்டுகிறீர்கள்.

வேலைதேடி
அண்ணா, ஒரு சந்தேகம். இந்த முறையில் நான் சம்பளத்தை ஐயாயிரம் குறைத்துக் கேட்டால் ரேங்க் ஏறுமா? எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் போடுகிறார்களா?

எண்ணும்எழுத்தும்
இந்தத் தாளில் ஐயாயிரம் குறைத்தால் 4.3 புள்ளி ஏறும். தேர்வில் 4 மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே. மற்ற கம்பெனிகளின் தாளை நான் பார்த்ததில்லை தம்பி, பல இடங்களில் தாளே கிடையாது. செல்வி சொன்னதைப் படித்துவிட்டுக் குறைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

மெஷின்ஷாப்
ஏன் யாருமே அனுபவத்தைக் கேட்கவில்லை? ச-வுக்கு 9 வருடம், க-வுக்கு 4 வருடம் என்றால் ச-தானே? அதற்கு ஒரு 20 வெயிட்டேஜ் போடுங்கள், இழுபறி தீர்ந்துவிடும்.

எச்ஆர்_செல்வி
இழுபறி தீர்க்க ஒரு பத்தியைச் சேர்ப்பது, தராசில் விரலை வைப்பது மாதிரி. யார் ஜெயிக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு சேர்க்கும் பத்தி அவருக்குச் சாதகமாகவே இருக்கும். தவிர, அனுபவ வருடம் வேலைத்திறனை மிக மங்கலாகத்தான் காட்டுகிறது. சாக்கெட்டும் கூட்டாளிகளும் 2022-ல் பழைய ஆய்வுகளைத் திரும்ப எடைபோட்டபோது, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் மேலே வந்தது, அனுபவ வருடம் அடியில் கிடந்தது. ஒன்பது வருடம் ஃப்யூஸ் மாற்றியவரும் இருக்கலாம். அனுபவம் பழுது பார்ப்பதில் உதவியிருந்தால் அது ஏற்கெனவே 70-க்குள் இருக்கிறது. சம்பளத்திலும் இருக்கிறது. மூன்றாவது முறையாக எண்ண வேண்டாம்.

கணக்குவாத்தி
அப்படியானால் எல்லாவற்றுக்கும் சம எடை போட்டுவிட்டுப் போங்களேன். ராபின் டாஸ் 1979-லேயே காட்டியிருக்கிறார், சம எடையே நிபுணர்களின் தீர்ப்பைவிட நன்றாகக் கணிக்கிறது என்று.

எண்ணும்எழுத்தும்
டாஸ் காட்டியது உண்மை. ஆனால் அவர் பேசியது ஒரே விளைவைக் கணிக்கும் பல அடையாளங்களைப் பற்றி, அவை எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்போது. செய்முறையோடு நேர்காணல் மதிப்பெண்ணும் இருந்திருந்தால், அவை இரண்டுக்கும் சம எடை போட்டால் போதும் என்று நானும் சொல்லியிருப்பேன். சம்பளம் எதையும் கணிக்கவில்லை. அது விலை. திறமையையும் விலையையும் சம எடையில் வைப்பது, கத்தரிக்காயின் தரத்தையும் கிலோ விலையையும் கூட்டுவது மாதிரி.

பம்ப்செட், ஒரு கேள்வி. செய்முறைத் தாளை எத்தனை பேர் திருத்தினார்கள்?

பம்ப்செட்
இரண்டு பேர், தனித்தனியாக. க-வுக்கு ஒருவர் 85, இன்னொருவர் 79. ச-வுக்கு 67, 73. அதன் சராசரிதான் 82, 70.

எண்ணும்எழுத்தும்
சராசரிக்கு முந்தைய எண்களை மறைத்துவிட்டு 0.6 வித்தியாசத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம். திருத்துபவர் மாறினாலே மூன்று மதிப்பெண் அங்கே இங்கே போகிறது. க-வுக்கும் ச-வுக்கும் உள்ள 12, உண்மையில் 6 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். உங்கள் விலையில் அது மாதம் 7,000-த்தில் இருந்து 21,000 வரை. எதிர்த்தட்டில் சம்பள வித்தியாசம் 12,000. முள் நடுவில் நிற்கிறது, எந்த எடையைப் போட்டாலும் இந்தத் தாள் இதற்கு மேல் பேசாது.

அது சொல்லிவிட்ட ஒன்று உண்டு: த-வும் ப-வும் இல்லை. இரண்டு திருத்துநர்களின் கணக்கிலும் க, ச-வுக்கு மேலே. இனி முடிவு செய்ய வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த வித்தியாசம் உங்கள் ஆலையில் மாதம் 12,000 ரூபாய் பெறுமா? ஒரு பெரிய மோட்டார் நின்றால் மணிக்கு எவ்வளவு நஷ்டம், அதைக் க எத்தனை நிமிடம் முன்னதாக ஓடவிடுவார் என்பது தெரிந்தவர் உங்கள் ஃபோர்மேன். அவரைக் கேளுங்கள்.

மெஷின்ஷாப்
அதைத்தான் நான் முதலிலேயே சொல்லியிருப்பேன், ஃபோர்மேனைக் கேளுங்கள் என்று. இத்தனை பத்தி எதற்கு?

எச்ஆர்_செல்வி
ஃபோர்மேனை முதலிலேயே கேட்டிருந்தால் நால்வரில் தனக்குத் தெரிந்தவரைச் சொல்லியிருப்பார். இப்போது அவரிடம் ஆளைக் கேட்கவில்லை, மோட்டார் நிற்கும் மணிக்கணக்கைக் கேட்கிறோம்.

பம்ப்செட்
கேட்டேன். போன வருடம் மெயின் லைன் பழுதுகள் மாதத்துக்கு மூன்று நான்கு என்கிறார். ஆனால் நின்ற நேரத்தில் பாதி, ஆள் கண்டுபிடிக்கத் தாமதமானதால் இல்லையாம். ஸ்டோரில் ஸ்பேர் இல்லாததால் காத்திருந்தது. அந்தப் பாதியை எந்த இன்ஜினியர் வந்தாலும் குறைக்க முடியாது.

க-வையும் ச-வையும் வியாழக்கிழமை இன்னொரு செய்முறைக்கு அழைத்திருக்கிறேன், இந்த முறை மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யில் பழுது. சம்பளத்தையும் அன்றைக்கே இருவரிடமும் பேசுகிறோம். திருத்துபவர்கள் இருவரிடமும் யார் எவ்வளவு கேட்டார் என்பதைச் சொல்லவில்லை.

எச்ஆர்_செல்வி
முதல் தேர்வு மதிப்பெண்ணையும் சொல்லாதீர்கள். இரண்டு தேர்வையும் எப்படிச் சேர்ப்பீர்கள் என்பதைப் புதன்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

கணக்குவாத்தி
சராசரிதானே? இல்லை பெருக்கலாமா?

பம்ப்செட்
சராசரி.